ஆறு மணி அழைப்பு: பாட்டியின் எண்பதாவது பிறந்தநாள் காணொளிக்கான வாசகம்

(திரையில் நீல அட்டை போட்ட பழைய குறிப்பேடு ஒன்று மெதுவாகத் திறக்கிறது. பாட்டியின் கையெழுத்து அருகில் தெரிகிறது. பாட்டிக்கு இடது காது சரியாகக் கேட்பதில்லை என்பதால் பின்னணி இசை எங்கும் வேண்டாம். பேசுபவரின் உறவுமுறை திரையின் கீழே பெரிய எழுத்தில் இருக்கட்டும்.)

மூத்த பேத்தி (குரல் மட்டும்):
பாட்டி, வணக்கம். இந்தக் குறிப்பேட்டை உங்களுக்கு அடையாளம் தெரிந்திருக்கும். தொலைபேசி மேசையின் இழுப்பறையில், முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக நீங்கள் பத்திரமாக வைத்திருப்பது இது. வீட்டில் ஒரு குழந்தை பிறந்தாலும், திருமணமாகி ஒருவர் நம் குடும்பத்துக்குள் வந்தாலும், அன்றைக்கே அவர் பெயரையும் பிறந்தநாளையும் இதில் எழுதிவிடுவீர்கள். அந்த நாள் வந்ததும் காலை சரியாக ஆறு மணிக்கு, வேறு யார் வாழ்த்துவதற்கும் முன்னால், உங்கள் அழைப்பு வந்துவிடும். சென்ற மாதம் உங்களைக் கேட்காமலேயே இதை எடுத்துப் பார்த்தோம். அதற்காக எங்களை மன்னித்துவிடுங்கள். இதில் 34 பேரின் பெயர்கள் இருக்கின்றன. உங்கள் பெயர் மட்டும் இல்லை. அதனால்தான் இன்று நாங்கள் எல்லோரும் பேச வந்திருக்கிறோம்.

மூத்த மகன்:
அம்மா, எனக்கு இருபத்து மூன்று வயது நிறைந்த நாள் நினைவிருக்கிறதா? அப்போது நம் வீட்டில் தொலைபேசி இல்லை. படிப்பு முடிந்து வேலை கிடைக்காமல், வெளியூரில் ஒரு விடுதியில் தங்கி, வீட்டுக்குக் கடிதம் எழுதவும் கூச்சப்பட்டுக்கொண்டிருந்தேன். விடிந்தும் விடியாத நேரத்தில் விடுதிக் காவலர் வந்து கதவைத் தட்டி, தொலைபேசியில் அம்மா காத்திருப்பதாகச் சொன்னார். பொதுத் தொலைபேசி இருந்த இடத்துக்கு இருட்டிலேயே நடந்துபோய், அதைத் திறக்கும்வரை வாசலில் நின்றிருந்தீர்கள் என்பது பிறகு அப்பா சொல்லித்தான் எனக்குத் தெரியும். வேலையைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. "நன்றாகத் தூங்கினாயா?" என்றுதான் கேட்டீர்கள். அன்று உங்களுக்குச் சொல்லாமல் விட்ட பதிலை இப்போது சொல்கிறேன்: அன்றிரவுதான், பல நாள்களுக்குப் பிறகு, நன்றாகத் தூங்கினேன்.

இளைய மருமகள்:
அத்தை, திருமணமாகி நான் நம் வீட்டுக்கு வந்த பிறகு வந்த முதல் பிறந்தநாள் அது. காலை ஆறு மணிக்கு என் கைப்பேசி ஒலித்தது. எடுத்தால் உங்கள் குரல். நீங்களோ அடுத்த அறையில்தான் இருந்தீர்கள். ஏன் என்று கேட்டதற்கு, "இந்த வீட்டில் எல்லோருக்கும் இப்படித்தான் அழைப்பு வரும், உனக்கு மட்டும் வராமல் போகலாமா?" என்றீர்கள். இந்த வீட்டை என் வீடு என்று நான் நம்பத் தொடங்கியது அந்தக் காலையில்தான்.

மருமகன்:
அத்தை, குறிப்பேட்டில் என் பெயருக்கு நேரே "இரவுப் பணி இருந்தால் எட்டு மணிக்கு" என்று எழுதியிருப்பதைப் பார்த்தேன். என் பணி நேரம் உங்களுக்கு நினைவில் இருந்தது என்பதே எனக்கு அதுவரை தெரியாது. பல்லாண்டு நலமாக இருங்கள்.

நாத்தனார்:
அண்ணி, நான் அதிகம் பேசப்போவதில்லை. என் அண்ணன் இருந்திருந்தால் இந்தக் காணொளியில் முதலில் அவர்தான் பேசியிருப்பார். அவருக்கும் சேர்த்து நான் வாழ்த்துகிறேன்.

மகள்:
அம்மா, அப்பா மறைந்த பதினோராம் நாள் என் பிறந்தநாள் வந்தது. அந்த ஆண்டு அழைப்பு வராது என்று நினைத்தேன். வர வேண்டாம் என்றும் நினைத்தேன். உங்களுக்கு அந்தச் சிரமம் கூடாது என்பதற்காகவே கைப்பேசியை வேறு அறையில் வைத்துவிட்டுப் படுத்தேன். ஆனால் ஆறு மணிக்கு அது ஒலித்தது. நீங்கள் வாழ்த்துச் சொல்லவில்லை. "எழுந்துவிட்டாயா?" என்று கேட்டீர்கள், எழுந்துவிட்டேன் என்றேன். அதன் பிறகு நீங்களும் பேசவில்லை, நானும் பேசவில்லை. உங்கள் பக்கத்தில் சுவர்க் கடிகாரம் ஓடும் சத்தமும், ஒருமுறை நீங்கள் நாற்காலியை நகர்த்திய சத்தமும் கேட்டன. இருவரில் யாரும் அழைப்பைத் துண்டிக்கவில்லை. வெளிச்சம் வரும்வரை அப்படியே இருந்தோம். துக்கத்தில் இருக்கும் ஒருவருக்கு என்ன சொல்வது என்று தெரியாமல் தவித்த பல நேரங்களில், எதுவும் சொல்லாமல் உடன் இருக்கலாம் என்ற துணிவை எனக்குக் கொடுத்தது அந்தக் காலைதான், அம்மா. அதற்கு நான் உங்களுக்கு இதுவரை நன்றி சொன்னதில்லை.

பேரன் (வெளிநாட்டிலிருந்து):
பாட்டி, என் பெயருக்குப் பக்கத்தில் இரண்டு எண்கள் எழுதி, ஒன்றின் மேல் "கோடை" என்றும் மற்றொன்றின் மேல் "குளிர்" என்றும் குறித்திருக்கிறீர்கள். இங்கே ஆண்டுக்கு இருமுறை கடிகாரத்தை ஒரு மணி நேரம் மாற்றி வைப்பார்கள் என்று எப்போதோ பேச்சுவாக்கில் சொன்னேன். அதை நினைவில் வைத்துக் கணக்குப் போட்டு, நான் இருக்கும் ஊரின் ஆறு மணிக்கே நீங்கள் அழைத்திருக்கிறீர்கள். இத்தனை ஆண்டுகளில் ஒருமுறைகூட அந்தக் கணக்குத் தவறியதில்லை. அடுத்த மாதம் நேரில் வருகிறேன், பயணச்சீட்டு வாங்கிவிட்டேன்.

தம்பி:
அக்கா, நாம் சிறுவர்களாக இருந்தபோது நம் வீட்டில் யாருக்கும் பிறந்தநாள் கொண்டாடியதில்லை. எனவேதான் உன் பிறந்தநாளை நீ பொருட்படுத்துவதில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் வந்து கேட்ட பிறகு, அப்பாவின் பழைய கணக்குப் புத்தகங்கள் இருந்த பெட்டியைத் திறந்து தேடினேன். இதோ, பார்.

(திரையில் பழுப்பேறிய பக்கம் ஒன்று தெரிகிறது. தேதி: 1945 செப்டம்பர் 14. தம்பியின் விரல் கடைசி வரியின் கீழே மெல்ல நகர்கிறது. பாட்டி தாமே படிக்க வசதியாக இந்தக் காட்சி பத்து விநாடிகள் அசையாமல் நிற்க வேண்டும்.)

அன்றைய வரவு செலவெல்லாம் எழுதி முடித்து, கூட்டுத்தொகைக்குக் கீழே கோடு போட்ட பிறகு, அப்பா இப்படி எழுதியிருக்கிறார்: "அதிகாலையில் பெண் பிறந்தாள். தாயும் சேயும் நலம்." கணக்கைத் தவிர வேறு எதையும் அந்தப் புத்தகங்களில் எழுதாத மனிதர் அவர். எல்லாப் பக்கங்களையும் புரட்டிப் பார்த்துவிட்டேன், அக்கா; இப்படி ஒரு வரி உனக்கு மட்டும்தான் இருக்கிறது. நான் பிறந்த நாளின் பக்கத்தில் வெறும் கணக்குதான். எனக்கு அதில் வருத்தமில்லை, மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறது.

கொள்ளுப்பேரன் (நான்கு வயது):
கொள்ளுப்பாட்டி, நான் எழுந்துவிட்டேன். நீங்கள் எழுந்துவிட்டீர்களா?

(மீண்டும் நீலக் குறிப்பேடு. 34 பெயர்களுக்குக் கீழே இருந்த வெற்று வரியில் மகளின் கை பாட்டியின் பெயரையும் பிறந்த தேதியையும் எழுதுகிறது. கொள்ளுப்பேரன் அதன் அருகே ஒரு பூ வரைகிறான்.)

மூத்த பேத்தி (குரல் மட்டும்):
பாட்டி, பெரிய மாமா இந்தக் காணொளியை உங்களுக்குக் காட்டி முடிக்கும்போது மணி ஆறாக இரண்டு நிமிடங்கள் இருக்கும். இன்று நீங்கள் யாரையும் அழைக்க வேண்டாம். கண்ணாடியைக் கழற்றிவிட்டு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துகொள்ளுங்கள். கைப்பேசி வலது காதுப் பக்கம் இருக்கட்டும். முதல் அழைப்பு அம்மாவுடையது. அவரை அடுத்து, குறிப்பேட்டில் நீங்கள் எழுதியிருக்கும் அதே வரிசையில் நாங்கள் ஒவ்வொருவராக அழைக்கிறோம்.