பேச்சுப் போட்டிக்கு ஒரு முதல் வரி

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடலோரத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளி. கடைசி மணி அடித்துவிட்டது. பதினொன்றாம் வகுப்பு மாணவி பூங்கொடி, பேச்சுப் போட்டிக்காக எழுதிய தாளைத் தமிழாசிரியரிடம் காட்ட வந்திருக்கிறாள். போட்டித் தலைப்பு: துணிவு.

ஆசிரியர்: முதல் வரியைப் படி.

பூங்கொடி: "துணிவு என்பது பயம் இல்லாமை."

ஆசிரியர்: சுருக்கமாக இருக்கிறது. இந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு யாருக்குத் துணிவு உண்டு, யாருக்கு இல்லை என்று சொல்லிவிட முடியுமா?

பூங்கொடி: முடியும் ஐயா.

ஆசிரியர்: திண்ணையில் ஒன்றரை வயதுக் குழந்தை உட்கார்ந்திருக்கிறது. கட்டுவிரியன் ஒன்று ஊர்ந்து வருகிறது. குழந்தை சிரித்துக்கொண்டே கையை நீட்டுகிறது. அதனிடம் துளியும் பயம் இல்லை.

பூங்கொடி: அது துணிவு இல்லை ஐயா. குழந்தைக்கு என்ன தெரியும்?

ஆசிரியர்: தெரிய வேண்டும் என்று உன் வரியில் எங்கே இருக்கிறது?

பூங்கொடி: (அடித்து எழுதுகிறாள்) "ஆபத்தை அறிந்தும் பயப்படாமல் இருப்பதே துணிவு." இப்போது சரியா?

ஆசிரியர்: பார்ப்போம். வடநெம்மேலியில் இருளர் கூட்டுறவுச் சங்கம் நடத்தும் பாம்புப் பண்ணைக்குப் போயிருக்கிறாயா?

பூங்கொடி: ஏழாம் வகுப்பில் கூட்டிக்கொண்டு போனார்கள். பாம்புகளை மண்பானைகளில் வைத்திருந்தார்கள். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன். விஷமுறிவு மருந்து செய்வதற்காக அவற்றிலிருந்து நஞ்சு எடுக்கிறார்கள்.

ஆசிரியர்: எடுத்தவருக்குக் கை நடுங்கியதா?

பூங்கொடி: இல்லவே இல்லை. பூத்தொடுக்கிறவர் கை போல அவர் கை பாட்டுக்கு வேலை செய்தது.

ஆசிரியர்: அவருக்கு ஆபத்து தெரியும், பயம் இல்லை. உன் வரிக்குப் பொருந்துகிறார். இப்போது என்னை எடுத்துக்கொள். நான் பாம்பைக் கிட்டத்தில் பார்த்தாலே வியர்த்துப் போகிறவன். உன் காலடியில் ஒரு பாம்பு வருகிறது. உதறுகிற கையோடு ஒரு கம்பை எடுத்து அதை அப்பால் தள்ளுகிறேன். நான் உன் வரிக்குப் பொருந்துகிறேனா?

பூங்கொடி: பொருந்தவில்லை. ஆனால், நீங்கள் செய்ததைத்தான் துணிவு என்று சொல்லத் தோன்றுகிறது.

ஆசிரியர்: அப்படியானால் அந்த இருளர் பெரியவரிடம் துணிவு இல்லையா?

பூங்கொடி: (நெடுநேரம் யோசிக்கிறாள்) அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை ஐயா. அவர் முதன்முதலாகப் பிடித்த நாளில் அவருக்கும் உள்ளுக்குள் உதறியிருக்கும். அன்று அவருக்குத் துணிவு தேவைப்பட்டது. இன்று அந்த வேலையைக் கைப்பழக்கம் பார்த்துக்கொள்கிறது.

ஆசிரியர்: இது நீயாகக் கண்டுபிடித்தது. உன் தாளில் இருக்கும் எல்லா வரிகளையும்விட எனக்கு இது பிடித்திருக்கிறது. சரி, இப்போது வரியைத் திருத்து.

பூங்கொடி: "பயந்தபோதும் பின்வாங்காமல் செய்வதே துணிவு."

ஆசிரியர்: நெஞ்சு படபடக்கச் சுவரேறிக் குதிக்கிற திருடன்?

பூங்கொடி: "நல்ல காரியத்தை" என்று சேர்த்துக்கொள்கிறேன்.

ஆசிரியர்: சேர்த்துக்கொள். 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் இங்கேதானே, மாமல்லபுரத்துக்கு அருகில் கரையைக் கடந்தது. அப்போது உன் வீட்டில் என்ன நடந்தது?

பூங்கொடி: புயல் வருவதற்கு முன்பே கடலுக்குப் போக வேண்டாம் என்று எச்சரிக்கை வந்துவிட்டது. அப்பா அன்றைக்கே படகை மேட்டுக்கு இழுத்துப் போட்டுவிட்டார். சித்தப்பாவுடைய வலை கடலில் கிடந்தது. கடன் வாங்கி வாங்கிய வலை. அதை எடுக்க அவர் போனார். "அண்ணனுக்குத் தொடை நடுங்குகிறது" என்று கரையில் நின்றவர்கள் எல்லாரும் கேட்கச் சொல்லிவிட்டுப் போனார்.

ஆசிரியர்: திரும்பி வந்தாரா?

பூங்கொடி: வந்தார். வலை வரவில்லை. இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை.

ஆசிரியர்: அவருக்கும் பயம் இருந்திருக்கும். பின்வாங்கவில்லை. குடும்பத்துக்காகத்தான் போனார், அது நல்ல காரியம். உன் வரி சித்தப்பாவின் பக்கம் நிற்கிறது. நீ யார் பக்கம்?

பூங்கொடி: அப்பா பக்கம். ஆனால் ஐயா, அப்பா பின்வாங்கினவர்.

ஆசிரியர்: எதிலிருந்து பின்வாங்கினார்?

பூங்கொடி: கடலிலிருந்து. ஊர்ப் பேச்சிலிருந்து பின்வாங்கவில்லை. அத்தனை பேர் முன்னால் தம்பி அப்படிச் சொன்ன பிறகும் படகின் கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார். கடலுக்குப் பயந்தார், கேலிக்குப் பயப்படவில்லை. சித்தப்பா நேர்மாறு. (நிமிர்கிறாள்) ஐயா, இது குறளில் இருக்கிறது! "அஞ்சுவ தஞ்சாமை பேதைமை அஞ்சுவது அஞ்சல் அறிவார் தொழில்."

ஆசிரியர்: எந்த அதிகாரம்?

பூங்கொடி: அறிவுடைமை.

ஆசிரியர்: அறிவுடைமை. படைச்செருக்கில் வைக்கவில்லை. அப்படியென்றால், எதற்கு அஞ்ச வேண்டும், எதற்கு அஞ்ச வேண்டாம் என்று அறிவதுதான் துணிவா? அறிந்தாலே போதுமா?

பூங்கொடி: போதும் என்று நினைக்கிறேன்.

ஆசிரியர்: அவசரம் வேண்டாம். எது சரி என்று ஐயமில்லாமல் தெரிந்திருந்தும், அதைச் செய்யாமல் இருந்த ஒருவரையாவது உனக்குத் தெரியுமா?

(பூங்கொடி பதில் சொல்லவில்லை. பேனாவின் மூடியைத் திறந்து மூடுகிறாள். நல்ல ஆசிரியருக்கு எப்போது அடுத்த கேள்வியைக் கேட்கக் கூடாது என்பதும் தெரியும், இவர் காத்திருக்கிறார்.)

பூங்கொடி: தெரியும் ஐயா. நான்தான்.

ஆசிரியர்: சொல்.

பூங்கொடி: போன புதன்கிழமை, வகுப்பு நூலகப் புத்தகத்தில் படப் பக்கத்தைக் கிழித்துவிட்டான் என்று மாரியை அந்தப் பாடவேளை முழுவதும் நிற்க வைத்தீர்கள். அவன் கிழிக்கவில்லை. அவனுக்கு முன்னால் அந்தப் புத்தகத்தை எடுத்துப் போனவள் நான். என் கைக்கு வந்தபோதே அந்தப் பக்கம் இல்லை.

(ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைக்கிறார்.)

ஆசிரியர்: அவன் இல்லை என்றுதான் சொன்னான். இரண்டு தடவை சொன்னான்.

பூங்கொடி: ஆமாம் ஐயா.

ஆசிரியர்: நீ ஏன் எழுந்திருக்கவில்லை?

பூங்கொடி: எழுந்தால் நான்தான் கிழித்தேன் என்று நினைப்பீர்களோ என்று பயம். நீங்கள் கோபமாக இருந்தீர்கள். எது சரி என்று எனக்குத் தெரிந்தது ஐயா, நன்றாகவே தெரிந்தது. கால்தான் எழவில்லை. அதனால் அறிந்தால் போதும் என்று சொன்னது தப்பு. அறிவதற்கும் எழுந்து நிற்பதற்கும் நடுவில் இன்னும் ஏதோ ஒன்று இருக்கிறது. அதற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியவில்லை.

ஆசிரியர்: இப்போது எப்படிச் சொன்னாய்? நான் இப்போதும் அதே ஆள்தானே?

பூங்கொடி: நீங்கள் கேட்டுக்கொண்டே வந்தீர்கள். நடுவில் ஒரு பொய்யை வைத்துக்கொண்டு உங்களுக்கு விடை சொல்ல முடியவில்லை. இப்போதும் கை சில்லென்றுதான் இருக்கிறது.

ஆசிரியர்: (சிறிது நேரம் கழித்து) நாளைக்கு முதல் பாடவேளை உங்கள் வகுப்பில் எனக்குத்தான். மாரியிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். அதை நினைத்தால் எனக்கும் வயிற்றைப் பிசைகிறது. முப்பது ஆண்டுகளில் ஒரு மாணவனிடம் நான் அப்படிக் கேட்டதில்லை.

பூங்கொடி: அவனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லலாமே ஐயா?

ஆசிரியர்: அவனை எங்கே நிற்க வைத்தேன்?

பூங்கொடி: எல்லார் முன்னாலும்.

(ஆசிரியர் தலையசைக்கிறார். பூங்கொடி தாளைப் பார்க்கிறாள். முதல் வரி மூன்று முறை அடித்துத் திருத்தப்பட்டிருக்கிறது.)

பூங்கொடி: போட்டிக்கு இன்னும் நான்கு நாள்தான் இருக்கிறது. முதல் வரிக்கு என்ன செய்வது?

ஆசிரியர்: அந்த இடத்தை நாளைக்கு மாலை வரை காலியாக விடு.

பூங்கொடி: நாளைக்கு நானும் எழுந்து சொல்கிறேன் ஐயா. நீங்கள் சொன்ன பிறகு இல்லை. சொல்வதற்கு முன்னால்.