மேட்டூர் பந்தயம்

கோவிந்தசாமிக்கும் அவருடைய பேரன் முகிலனுக்கும் நடந்த பண்டமாற்று எழுத்தில் இல்லையே தவிர, அதன் நிபந்தனைகள் தெளிவானவை. தோல் உறை போட்ட டிரான்சிஸ்டர் பேரனுக்கு. அதை அவன் பிரித்துப் பார்க்கலாம், ஆனால் திரும்பப் பூட்டத் தெரியாவிட்டால் திருகாணி உட்பட எல்லாவற்றையும் ஒரே டப்பாவில் போட்டு வைக்க வேண்டும். மூலையில் கீறல் விழுந்த பழைய கைபேசி தாத்தாவுக்கு. அதில் திருச்சி வானொலி கேட்க வேண்டும், மாதாமாதம் ரீசார்ஜ் செய்வது பேரனின் பொறுப்பு. 28 நாளுக்கு எந்த ஊரில் மாதம் என்று பெயர் என்று தாத்தா கேட்டதற்கு மட்டும் முகிலனிடம் பதில் இல்லை.

டிரான்சிஸ்டர் கெட்டுப்போகவில்லை. வீட்டில் எல்.இ.டி. விளக்குகளை மாட்டிய நாளிலிருந்து, மாலையானால் அதில் செய்திக்கு மேலே ஒரு ரீங்காரம் ஏறிக்கொண்டது, அவ்வளவுதான். பெட்டியின் முகத்தைத் திருச்சி இருக்கும் மேற்குத் திசைக்குத் திருப்பி வைத்தும், பேட்டரிக் கட்டைகளை வெயிலில் காயவைத்துப் போட்டும் பார்த்தார். விளக்கை அணைத்தால் செய்தி தெளிவாக வந்தது. ஆனால் ஒரு செய்திக்காக வீட்டையே இருட்டாக்குவதை மருமகள் எத்தனை நாள் பொறுப்பாள்? திருவையாற்றில் ரேடியோ பழுது பார்த்தவர் கடையை மூடிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. அந்த இடத்தில் இப்போது கைபேசி உறைகள் தொங்குகின்றன.

கோவிந்தசாமிக்கு வானொலி வெறும் பொழுதுபோக்கு அன்று. 1960களில், மீசை அரும்பிய வயதில், திருச்சி நிலையத்தின் விவசாய நிகழ்ச்சியைப் பஞ்சாயத்து ரேடியோவில் கேட்டுவிட்டு, அப்பாவிடம் சண்டை போட்டு, குறுவைக்கு ஏ.டி.டி.27 விதை வாங்கியவர் அவர். வானொலி சொல்லிப் பரவியதால் தஞ்சை வட்டாரத்தில் அந்த ரகத்துக்கு ரேடியோ நெல் என்றே பெயர் விழுந்துவிட்டது. பிறகு சொந்தமாகப் பெட்டி வாங்கி, தபால் நிலையத்தில் ஆண்டுதோறும் உரிமக் கட்டணம் கட்டி, அந்தச் சிறு புத்தகத்தை நிலப் பட்டாவோடு சேர்த்துப் பெட்டியில் வைத்திருந்தார். உரிமமே வேண்டாம் என்று அரசு சொன்ன பிறகும் அதைத் தூக்கி எறியவில்லை.

முகிலன் கைபேசியில் பிரசார் பாரதியின் 'நியூஸ் ஆன் ஏர்' செயலியை இறக்கி, திருச்சியை முதல் வரிசையில் வைத்துக் கொடுத்தான். இரைச்சலே இல்லாமல் வந்த குரலைக் கேட்டுக் கிழவர் முதலில் மகிழவில்லை. அறிவிப்பாளருக்கு ஜலதோஷம் சரியாகிவிட்டதா என்று கேட்டார். ஆனால் இரண்டாம் நாள் கோயம்புத்தூரும் சென்னையும் பகலிலேயே கிடைப்பதைக் கண்டுபிடித்தார். மத்திய அலையில் தொலைதூர நிலையங்கள் இருட்டிய பிறகுதான் எட்டிப் பார்க்கும். மூன்றாம் நாள், இருபத்து நான்கு மணி நேரமும் சாஸ்திரிய சங்கீதம் ஒலிபரப்பும் 'ராகம்' என்ற அலைவரிசை அகப்பட்டது. அதற்குப் பிறகு டிரான்சிஸ்டரைப் பற்றி அவர் பேச்செடுக்கவில்லை.

சிக்கல் பக்கத்து வீட்டு வைத்தியலிங்கத்தின் வடிவில் வந்தது. ஆடி மாதம் பிறந்துவிட்டால் இருவருக்கும் ஒரு பந்தயம் உண்டு. மாலை மாநிலச் செய்தியில் மேட்டூர் அணையின் நீர்மட்டம் சொல்வதற்குள், ஆளுக்கு ஓர் எண்ணைச் சுவருக்கு மேலே உரக்கச் சொல்லிவிட வேண்டும். நெருங்கி வந்தவருக்குத் தோற்றவர் டீ வாங்கித் தர வேண்டும். அணையின் முழு உயரம் 120 அடி என்பதும், முந்தைய நாள் நீர்வரத்து எவ்வளவு என்பதும் இருவருக்குமே மனப்பாடம் என்பதால், ஆண்டுக் கணக்கில் பார்த்தால் வெற்றியும் தோல்வியும் ஏறக்குறைய சமமாகத்தான் இருந்தன.

இந்த ஆடியில் வைத்தியலிங்கம் தோற்கவே இல்லை. காது மந்தமான அவர் தன் டிரான்சிஸ்டரைத் திண்ணையில் காதோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். செய்தி பாதி ஓடும்போது, "நூத்திப் பதினாலு புள்ளி ஆறு" என்று குரல் கொடுப்பார். சிறிது நேரம் கழித்துக் கைபேசிக்குள்ளிருந்து செய்தி வாசிப்பவரும் அதே எண்ணைச் சொல்வார். அடியைச் சரியாகச் சொன்னால் அனுபவம் எனலாம். புள்ளிக்குப் பின்னால் இருப்பதையும் நாள்தோறும் சரியாகச் சொல்பவரை என்னவென்று சொல்வது? நான்காவது டீக்குக் காசு கொடுத்த அன்று கோவிந்தசாமி பேரனைக் கூப்பிட்டார்.

முகிலன் சிரித்துவிட்டான். திருச்சியிலிருந்து கிளம்பும் வானொலி அலை கண் இமைப்பதற்குள் வைத்தியலிங்கத்தின் காதுக்குப் போய்விடுகிறது என்றும், கைபேசிக்கு வருவது அப்படி அல்ல என்றும் விளக்கினான். ஒலியைக் கணினியில் துண்டு துண்டாக்கிச் சுருக்கி அனுப்புகிறார்கள். நடுவில் அறுந்துவிடாமல் இருக்க, கைபேசி சில துண்டுகளை முன்கூட்டியே சேர்த்து வைத்துக்கொண்டுதான் பாடத் தொடங்குகிறது. அதற்குள் அரை நிமிடம் போய்விடும்.

"அப்போ அவன் நெசச் செய்தியைக் கேக்குறான், நான் பழைய செய்தியைக் கேக்குறேன்."

"அரை நிமிஷம்தானே தாத்தா?"

"அந்த அரை நிமிஷத்துலதான்டா அவன் எங்கிட்ட நாலு டீ குடிச்சிருக்கான்."

அன்றே சுவர் ஏறிச் சண்டை போட்டிருக்கலாம். கோவிந்தசாமி போடவில்லை. அறுபது ஆண்டுகள் மத்திய அலையோடு குடித்தனம் நடத்தியவருக்கு அதன் பலவீனமும் தெரியும். மேலும் இரண்டு டீக்கு முகம் சுளிக்காமல் காசு கொடுத்துவிட்டு, வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு மாலை மேற்கே கருத்துக்கொண்டு வந்தது. முதல் இடி உருண்டதும் அவர் சுவரருகே போய், இன்று டீ மட்டும் போதாது, தோற்றவர் ஒரு தட்டு பஜ்ஜியும் வாங்க வேண்டும் என்றார். வென்று வென்று பழகியிருந்த வைத்தியலிங்கம் யோசிக்காமல் சம்மதித்தார். ஆளுக்கு இரண்டு தட்டு என்று பந்தயத்தை அவரே உயர்த்தியும் விட்டார்.

செய்தி தொடங்கியது. ஒவ்வொரு மின்னலுக்கும் வைத்தியலிங்கத்தின் பெட்டி கடுகு தாளிப்பதுபோல் பொரிந்தது. கைபேசியிலோ முதலமைச்சரின் அறிக்கை தடங்கலின்றிப் போய்க்கொண்டிருந்தது. கோவிந்தசாமி முந்தைய நாள் நீர்வரத்தை மனத்தில் கணக்குப் போட்டு, "நூத்திப் பத்தொம்பது" என்று சொல்லிவிட்டுக் காத்திருந்தார். சுவருக்கு அப்பால் பெட்டியைத் தட்டும் ஓசையும், திருப்பி வைக்கும் ஓசையும், மெல்லிய வசவும் கேட்டன. கடைசியில், "நூத்திப் பதினாறு... பதினாறுதான்" என்ற குரல் வந்தது. அதில் பழைய உறுதி இல்லை, புள்ளியும் இல்லை.

கைபேசி 118.9 அடி என்றது.

மழை விட்டதும் இருவரும் கடைவீதிக்கு நடந்தார்கள். இரண்டாம் தட்டு பஜ்ஜி வரும்வரை வைத்தியலிங்கம் வாய் திறக்கவில்லை.

"எப்பத் தெரிஞ்சுது?"

"நாலாவது டீயில."

"அப்புறமும் ரெண்டு டீ வாங்கிக் குடுத்தியே?"

"அது முதலு போட்டது."

வைத்தியலிங்கம் சட்னியைத் தொட்டுக்கொண்டு சற்று யோசித்தார். "சரிய்யா, நாளைக்கு இடி இல்லேன்னா என்ன பண்ணுவே?"

"நாளைக்கு ஒன் திண்ணைக்கே வந்துடுறேன். ரெண்டு பேரும் ஒரே பெட்டியில கேப்போம்."

"அப்ப அந்தப் போனு எதுக்கு?"

"அதுல ராத்திரி பூரா கச்சேரி வருதுய்யா," என்று சொல்லிவிட்டு, கணக்கு வைத்தியலிங்கத்தினுடையது என்று கடைக்காரருக்கு நினைவூட்டி, கோவிந்தசாமி இன்னொரு டீ சொன்னார்.