எது முதல்ல நடந்துச்சு? – யாங்கோன் ஞாயித்துக்கிழமை தமிழ் கிளாஸ் பயிற்சி

பசங்களா, போன வாரக் கதைல பாதிப் பேரு கதை சொன்ன வரிசையவே நடந்த வரிசைன்னு எழுதிட்டீங்க. அதனால இந்த வாரமும் அதே மாதிரி ஒண்ணு. ஒரு தடவை சும்மா படிங்க, ரெண்டாவது தடவை பென்சிலோட படிங்க.

கதை:

விடிஞ்சு பாத்தா வேப்பமரம் எங்க வீட்டு மேல படுத்துக் கெடக்கு. 2008 மே மாசம், ராத்திரி பூரா நர்கீஸ் புயல் அடிச்ச அடில தகரக்கூரை பாதியக் காணோம், பாட்டி மட்டும் கட்டிலுக்கு அடியில இருந்து ஒரு டிரங்குப் பெட்டிய இழுத்து "முதல்ல இதக் காய வைடா"ங்குது. தெறந்தா உள்ள நாலு நூறு கியாட் நோட்டு, நனைஞ்சுபோன கப்பல் டிக்கெட் ரெண்டு.

"இத ஏன் பாட்டி செலவு பண்ணல?"

"அது இப்ப வெறும் காயிதம்டா. 1964 மே மாசம் அம்பது, நூறு நோட்டெல்லாம் செல்லாதுன்னு சொல்லிட்டான். மத்ததக் கொண்டு போயி குடுத்தாச்சு, இந்த நாலு பெட்டி அடியில ஒட்டிக்கிட்டுத் தப்பிச்சுது. அதுக்கு ரெண்டு மாசம் முன்னாடியே ஜவுளிக்கடையயும் கவர்மெண்டு எடுத்துக்கிச்சு. கடை போன வாரமே தாத்தா மெட்ராசுக்கு டிக்கெட் எடுத்து வெச்சிருந்தாரு."

"அப்புறம் ஏன் போகல?"

"ஜூன் மாசம் ஹார்பர் வரைக்கும் போனோமே. கப்பல் சங்கு ஊதுச்சு, மனுஷன் பெட்டியக் கீழ வெச்சுட்டாரு. 1941 டிசம்பர்ல ரங்கூன்ல குண்டு விழுந்தப்ப அவருக்கு எட்டு வயசு. அடுத்த வருஷம் அப்பா அம்மாவோட இந்தியாவுக்கு நடந்தாரு. பாதி வழியிலயே அம்மா போயிட்டாங்க. அங்கயே பொதைச்சுட்டு அப்பனும் புள்ளையும் திரும்பி வந்துட்டாங்க. அம்மாவ இங்க விட்டுட்டு நான் எங்க போறதுன்னாரு, அவ்ளோதான். வீட்டுக்கு வந்த அன்னைக்கு சாயங்காலமே அந்த வேப்பங்கன்ன நட்டாரு. அவரு போயி ரெண்டு வருஷம், இன்னைக்கு மரமும் போயிடுச்சு."

நான் ஒவ்வொரு நோட்டா எடுத்து செவுத்துல ஒட்டிக் காய வெச்சேன்.

இப்ப இதுங்கள நடந்த வரிசைல எழுதுங்க:

அ. வேப்பமரம் வீட்டு மேல சாஞ்சது
ஆ. நூறு கியாட் நோட்டு செல்லாமப் போனது
இ. கவர்மெண்டு கடைய எடுத்துக்கிட்டது
ஈ. தாத்தா கப்பல் டிக்கெட் எடுத்தது
உ. ரங்கூன்ல குண்டு விழுந்தது
ஊ. தாத்தாவோட அம்மாவப் பொதைச்சது
எ. வேப்பங்கன்னு நட்டது
ஏ. தாத்தா இறந்தது
ஐ. பேரன் நோட்டக் காய வெச்சது

எழுதியாச்சா? எழுதாம கீழ பாக்காதீங்க.

விடை: உ, ஊ, இ, ஈ, ஆ, எ, ஏ, அ, ஐ.

வருஷம் போட்டிருக்கறது ஈஸி, 1941, 1964, 2008னு மூணு ஆணி அடிச்சாச்சு, மத்தத எந்த ஆணில மாட்டறதுன்றதுதான் வேலை. நெறைய பேரு சறுக்கற எடம் 1964தான். பாட்டி முதல்ல நோட்டு, அப்புறம் கடை, அப்புறம் டிக்கெட்டுனு சொல்லுது, ஆனா நடந்தது கடை, டிக்கெட், நோட்டு. "அதுக்கு ரெண்டு மாசம் முன்னாடியே"ன்னு ஒரு வார்த்தை இருக்கு பாத்தீங்களா, அது கடைய மார்ச்சுக்குத் தள்ளிடுது. டிக்கெட்டுக்கு "எடுத்து வெச்சிருந்தாரு"ன்னு வருது. "எடுத்தாரு"ன்னா நேரா சொல்லிக்கிட்டே போறாங்கன்னு அர்த்தம், "இருந்தாரு"ன்னு சேந்தா சொல்லிக்கிட்டு இருக்கறதுக்கும் முன்னாடியே முடிஞ்சுபோச்சுன்னு பொதுவா வெச்சுக்கலாம். அந்த "இருந்து"வ எங்க பாத்தாலும் ஒரு வட்டம் போடுங்க, எனக்கு இதுதான் கதைல முக்கியமான எடம்.

ஹார்பர்ல நிக்கறப்பவே பாட்டி திடீர்னு 1941க்குத் தாவிடுது, ஃப்ளாஷ்பேக்குக்குள்ள ஒரு ஃப்ளாஷ்பேக். (நம்ம வீட்டுப் பெரியவங்க எல்லாரும் இப்படித்தான் பேசுவாங்க, தப்பே இல்ல.) "அவ்ளோதான்"னு முடிச்சதும் மறுபடி 1964 ஜூனுக்கு வந்துடுது. அதக் கவனிக்கலன்னா மரத்த எட்டு வயசுப் பையன் நட்டான்னு எழுதுவீங்க.

ஏ மட்டும் கொஞ்சம் குசும்பு. தாத்தா இறந்தத கதை எங்கயும் காட்டல, "அவரு போயி ரெண்டு வருஷம்"னு பாட்டி சொல்றது 2008ல, அப்ப 2006. புயலுக்கு முன்னாடி. புயல்ல செத்தாருன்னு எழுதினவங்க ரப்பர எடுங்க.

கடைசியா ஒண்ணு, முதல் வரில விழுந்த மரத்த நட்டு எத்தன வருஷம் ஆச்சு, அத எந்த ரெண்டு வரிய வெச்சுக் கண்டுபிடிச்சீங்கன்னு ஓரத்துல எழுதிட்டு அடுத்த ஞாயித்துக்கிழமை கொண்டு வாங்க.