மின்மாற்றி தாமதமும் தற்காலிக மின் ஏற்பாடும்: பரந்தன் அரிசி ஆலை

கிளிநொச்சி
09.01.2025

உரிமையாளர்,
புதிய அரிசி ஆலை,
பரந்தன்.

மதிப்பிற்குரிய ஐயா,

உங்கள் ஆலைக்கான 630 கேவிஏ மின்மாற்றி இந்த மாதக் கடைசியில் வராது. மே மாதம் மூன்றாம் கிழமைக்கு முன் அனுப்ப முடியாது என்று தொழிற்சாலை நேற்று எழுத்தில் அறிவித்துவிட்டது. அதன் பிரதியை இத்துடன் வைத்திருக்கிறேன். காலபோக நெல் பெப்ரவரியில் வரத் தொடங்கிவிடும். நம்பி வாக்குக் கொடுத்த விவசாயிகளிடம் நீங்கள் என்ன சொல்வீர்கள் என்பதுதான் முதலில் என் நினைவுக்கு வந்தது. அதனால் தாமதத்தை அறிவிப்பதோடு நிற்காமல், அறுவடைக்கு ஆலையை ஓட்டும் வழியையும் சேர்த்தே எழுதுகிறேன்.

காரணம் இதுதான். செப்டெம்பர் 9 ஆம் திகதி நாங்கள் ஓடர் கொடுத்தபோது 20 கிழமை என்றார்கள். இப்போது 36 கிழமை என்கிறார்கள். மின்மாற்றியின் உள்ளே இருக்கும் இரும்புக் கருவை சாதாரணத் தகட்டில் செய்ய முடியாது. அதற்கென்று தனியாக உருட்டிய சிலிக்கன் உருக்குத் தகடு வேண்டும். உலகத்தில் அதைச் செய்யும் ஆலைகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. பல நாடுகளும் ஒரே நேரத்தில் மின் வலையமைப்பைப் பெருப்பித்து, சூரிய மின் நிலையங்களையும் கட்டுவதால் அந்தத் தகட்டுக்கும் செப்புக்கும் வரிசை நீண்டுவிட்டது. தகடு வந்த பிறகும் செம்புச் சுற்றுகள் சுற்றி, சூளையில் ஈரம் போக உலர்த்தி, எண்ணெய் நிரப்பி, சோதனை செய்ய வேண்டும். இதில் எதையும் அவசரப்படுத்தச் சொல்ல எனக்கு மனமில்லை. ஈரம் முழுதாகப் போகாத மின்மாற்றியின் ஆயுள் குறைந்துவிடும்.

கொழும்பில் ஒன்று தயாராக நிற்கிறது, அதை ஏன் எடுக்கக்கூடாது என்று போன கிழமை தொலைபேசியில் கேட்டீர்கள். நானும் விசாரித்தேன். அது 11 கேவி மின்மாற்றி. கொழும்பு நகர விநியோகத்துக்கு அது சரி. நம் பக்கம் வரும் லைன் 33 கேவி, அதில் இதை இணைக்கவே முடியாது. 33 கேவியில் பழைய மின்மாற்றி ஒன்றும் விலைக்கு வந்தது. சோதனை அறிக்கை கேட்டோம், கொடுக்கவில்லை. உள்ளே என்ன எண்ணெய் இருக்கிறது என்றும் சொல்லத் தெரியவில்லை. நாலு மாதத்தை மிச்சம் பிடிக்கப் போய் இருபது வருடத்துக்கு ஆலையின் தலையில் ஒரு சந்தேகத்தைக் கட்டிவிட நான் தயாராக இல்லை.

சரி, இனி ஏற்பாட்டுக்கு வருகிறேன்.

இரண்டு அரைவை வரிசைகளும் சேர்ந்து ஓடினால் ஆலையின் சுமை 400 கேவிஏ அளவில் வரும். ஒரு வரிசை மட்டும் என்றால் ஏறத்தாழ 170 கேவிஏ. ஆகவே 250 கேவிஏ ஜெனரேற்றர் ஒன்றை வாடகைக்கு எடுத்து, முதல் வரிசையை மட்டும் ஓட்டலாம் என்பது என் யோசனை. மிச்சம் இருக்கும் இடம் மோட்டார்கள் ஸ்ராட் ஆகும்போது இழுக்கும் மின்னோட்டத்துக்குத் தேவை. பெரிய பொலிஷர் மோட்டாரை முதலில் ஓடவிட்டு, அது வேகம் பிடித்த பிறகுதான் அடுத்ததைப் போட வேண்டும். இந்த ஒழுங்கை எழுதி சுவிட்ச் போர்டுக்குப் பக்கத்தில் ஒட்டுவோம். உங்கள் ஒப்பரேற்றர்மாருக்கும் எங்கள் ஆட்கள் நேரில் காட்டிக் கொடுப்பார்கள்.

கலர் சோட்டரை ஜெனரேற்றரில் விட எனக்கு விருப்பமில்லை. மோட்டார் போடும் ஒவ்வொரு தடவையும் வோல்ற்றேஜ் இறங்கி ஏறும். அந்த மெஷின் அதைத் தாங்காது. அதற்காக ஊர் லைனிலிருந்து 60 அம்பியர் மும்முனை இணைப்பு ஒன்று எடுக்கலாம். அதில் 42 கேவிஏ அளவு கிடைக்கும். கலர் சோட்டர், அதன் கொம்பிரசர், பொயிலர் தண்ணீர்ப் பம்பி, தராசு, வெளிச்சம், ஒரு உலர்த்தியின் ஊதி ஆகியவற்றுக்கு அது போதும். அருகிலுள்ள ஊர் மின்மாற்றியின் சுமையை மாலையில் அளந்து பார்த்தோம், இடம் இருக்கிறது. ஆனாலும் முடிவு மின்சார சபையுடையது. இணைப்பு கிடைத்தால் மாலை 6.30 முதல் 10.30 வரை உலர்த்தி ஊதியை நிறுத்தி வைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். பக்கத்து வீடுகளில் விளக்கு மங்கக்கூடாது. சபை மறுத்தால், கலர் சோட்டருக்கு ஸ்ரெபிலைசர் ஒன்று வைத்து ஜெனரேற்றரிலேயே ஓட்டுவோம். அதன் செலவு எங்களுடையது.

இரண்டு மின்சாரமும் எந்த இடத்திலும் ஒன்றையொன்று தொடக்கூடாது. தனித்தனிப் போர்டு, தனித்தனி நியூற்றல், ஜெனரேற்றருக்குத் தனி எர்த். இதில் ஒரு அங்குலமும் விட்டுக்கொடுக்க மாட்டேன். வெட்டப்பட்டது என்று நினைத்துக் கம்பத்தில் ஏறும் லைன்மேனின் உயிர் இதில்தான் இருக்கிறது. எங்கள் ஆள் வராமல் யாரும் ஒரு வயரைக்கூட மாற்றிக் கொடுக்க வேண்டாம் என்று ஆலையில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள்.

ஜெனரேற்றரை ஆலைக்கு வடகிழக்கு மூலையில் வைப்போம். அறுவடைக் காலத்தில் காற்று அந்தப் பக்கமிருந்துதான் வரும், அதனால் உமித் தூளும் சாம்பலும் ரேடியேற்றரில் அடைக்காது. அப்படியிருந்தும் காற்று வடிகட்டியை நாள்தோறும் எங்கள் ஆள் வந்து பார்ப்பார்.

செலவு விடயம். வாடகை, கேபிள், போர்டுகள், பொருத்தும் கூலி எல்லாம் எங்கள் பொறுப்பு. டீசல் நீங்கள் ஊற்ற வேண்டியிருக்கும். ஒரு வரிசை ஓடும்போது மணிக்கு ஏறத்தாழ 40 லீற்றர் எரியும், பத்து மணிநேரம் ஓடினால் இரண்டு பீப்பாய். ஒரு லீற்றரில் மூன்றரை அலகு அளவில் கிடைக்கும் என்பதால், சபை மின்சாரத்தைவிட இது கட்டாயம் கூடத்தான் வரும். அந்தக் கூடுதலில் பாதியை எங்கள் கடைசிப் பில்லில் கழித்துவிடுகிறோம். ஜெனரேற்றரில் மீற்றர் பூட்டி, டீசல் கொப்பி ஒன்றில் இரு பக்கமும் நாள்தோறும் கையெழுத்து வைத்தால் கணக்கில் பிணக்கு வராது. மின்மாற்றிக்காக நீங்கள் தரவேண்டிய இரண்டாம் தவணையையும் அது சோதனை முடிந்து தொழிற்சாலையை விட்டு வெளிக்கிடும் வரை நாங்கள் கேட்கப் போவதில்லை.

மேடை, கேபிள் அகழி, உள் வயரிங் எல்லாம் முடிந்து நிற்கின்றன. மின்மாற்றி வந்து இறங்கியதும் எண்ணெய் அமர விட்டு, இன்சுலேசனும் எண்ணெயும் சோதித்து, சபையின் பரிசோதனையும் முடித்து, ஜூன் நடுப்பகுதிக்குள் இணைத்துவிடலாம். அப்போது இரண்டு வரிசையும் ஓடும்.

இப்போது உங்களிடம் வேண்டியது இரண்டு. இத்துடன் உள்ள 60 அம்பியர் விண்ணப்பத்தில் கையெழுத்து வைத்து அனுப்புங்கள். அப்புறம், இந்த ஏற்பாட்டுக்குச் சம்மதமா என்று 17 ஆம் திகதி வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள். அறுவடை நெருங்க வாடகை ஜெனரேற்றர்கள் எல்லாம் கைமாறிவிடும், அந்த வெள்ளிக்கிழமை வரை ஒன்றை உங்களுக்காகப் பிடித்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை பதில் கிடைத்தால் 27 ஆம் திகதி அது ஆலைக்கு வந்துவிடும், பெப்ரவரி 3 ஆம் திகதி முதல் வரிசை ஓடும்.

பொங்கல் முடிந்த மறுநாள், 15 ஆம் திகதி காலை, வரைபடத்தோடு நான் ஆலைக்கு வருகிறேன். உங்கள் மேற்பார்வையாளரையும் அப்போது இருக்கச் சொன்னால் ஜெனரேற்றர் வைக்கும் இடத்தை அங்கேயே அடையாளம் போட்டுவிடலாம்.

இப்படிக்கு,
உண்மையுள்ள,
மின் ஒப்பந்தகாரர்,
கிளிநொச்சி.

இணைப்பு: தொழிற்சாலைக் கடிதத்தின் பிரதி, தற்காலிக மின் இணைப்பு வரைபடம், மோட்டார்களின் சுமைப் பட்டியல், 60 அம்பியர் விண்ணப்பப் படிவம்.