பொருள்: சீனியர் டெஸ்ட் இன்ஜினியர் வேலை: நான் யாருடைய ஊழியர் என்பதைத் தெளிவுபடுத்தக் கோரி

அன்புள்ள கவிதா மேடம்,

வணக்கம். நேற்று மாலை நீங்கள் அனுப்பிய ஆஃபர் லெட்டர் வரைவு கிடைத்தது. இரண்டாவது நேர்காணல் முடிந்த கையோடு அனுப்பியதற்கு நன்றி. கிளையன்ட் தரப்பில் என்னிடம் பேசிய அணியை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. பணப் பரிவர்த்தனை மென்பொருளைச் சோதிப்பதுதான் நான் பல வருடங்களாகச் செய்துவரும் வேலை, அவர்கள் கேட்ட கேள்விகளிலிருந்தே விஷயம் தெரிந்தவர்கள் என்று புரிந்தது. அதனால் இந்த வேலையை வேண்டாமென்று சொல்ல நான் இதை எழுதவில்லை. கையெழுத்துப் போடுவதற்கு முன் சில விஷயங்கள் எனக்குத் தெளிவாக வேண்டும், அவ்வளவுதான். இப்போது இருப்பது நிரந்தர வேலை. ராஜினாமா கொடுத்துவிட்டால் திரும்ப வாங்க முடியாது.

முதல் கேள்வியே பெரிய கேள்வி. நான் யாருடைய ஊழியர்?

போனில் பேசியபோது "கிளையன்ட் கம்பெனியில் வேலை" என்று சொன்னீர்கள். வேலை விவரக் குறிப்பில் ஆறு மாத ஒப்பந்தம், அதன்பின் நிரந்தரம் என்று இருக்கிறது. இந்த மாதிரி ஏற்பாட்டில் முதல் ஆறு மாதம் உங்கள் பேரோலில் இருப்பேன், பிறகு கிளையன்டுக்கு மாறுவேன் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். ஆனால் வரைவின் தலைப்பில் உங்கள் நிறுவனத்தின் பெயரும் இல்லை, கிளையன்டின் பெயரும் இல்லை. மூன்றாவதாக ஒரு நிறுவனத்தின் பெயர் இருக்கிறது. அவர்களைப் பற்றி நம் பேச்சில் ஒருமுறைகூட வரவில்லை. அவர்கள் சம்பளப் பட்டியலை மட்டும் பார்த்துக்கொள்பவர்களா, அல்லது கிளையன்டுடன் நேரடி ஒப்பந்தம் வைத்திருக்கும் முதன்மை வெண்டரா? அவர்கள் வழியாகத்தான் நீங்களே இந்த இடத்துக்கு ஆள் அனுப்புகிறீர்களா? எனக்கும் கிளையன்டுக்கும் நடுவில் மொத்தம் எத்தனை நிறுவனங்கள் இருக்கின்றன என்பதைப் பெயர்களோடு வரிசையாக எழுதித் தர முடியுமா?

இதைக் கேட்பது உங்கள் மேல் சந்தேகப்பட்டு அல்ல, மேடம். நடுவில் பலர் இருப்பது இந்தத் துறையில் சாதாரணம் என்று எனக்குத் தெரியும். ஆனால் ஏதாவது ஒரு மாதம் சம்பளம் வராவிட்டால் நான் யாரைக் கேட்பது? சம்பளத்திலிருந்து வரியைப் பிடித்து அரசுக்குச் செலுத்தி, அதற்கான சான்றிதழை யார் தருவார்கள்? வேலை நேரத்தில் அடிபட்டால் யார் பொறுப்பு? விடுமுறைக்கு யாரிடம் விண்ணப்பிப்பது? தினசரி வேலையைச் சொல்வது கிளையன்டின் மேலாளர், சம்பளம் போடுவது இன்னொருவர், ஆளைத் தேர்ந்தெடுத்தது நீங்கள் என்றால், ஒவ்வொரு கேள்விக்கும் அடுத்தவரைக் கைகாட்டிவிடலாம். கடைசியில் நான்தான் அலைய வேண்டிவரும். எனவே சட்டப்படி என் பெயரை ஊழியராகப் பதிவு செய்வது எந்த நிறுவனம் என்பதை அதன் முழுப் பதிவுப் பெயர், பதிவு எண், முகவரியோடு ஆஃபர் லெட்டரிலேயே குறிப்பிடுங்கள்.

இது தொடர்பாக இன்னொன்று. இங்கே வேலை பார்த்ததற்கான அனுபவச் சான்றிதழை யார் கொடுப்பார்கள்? என் ரெஸ்யூமேயில் கிளையன்டின் பெயரை எழுதி, நாளை வேறொரு நிறுவனம் பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷன் செய்யும்போது "அப்படி ஒருவர் எங்கள் ஊழியராக இருந்ததே இல்லை" என்று பதில் போனால், பொய் சொன்னவன் என்ற பெயர் எனக்குத்தான் வரும். எப்படி எழுத வேண்டும் என்று நீங்களே ஒரு வரியில் சொல்லிவிட்டால் அப்படியே எழுதிக்கொள்கிறேன்.

அடுத்தது, ஆறு மாதத்துக்குப் பிறகு நிரந்தரம் என்ற பகுதி. நான் இந்த வேலைக்கு வர நினைத்ததற்கே அதுதான் காரணம். வரைவை இரண்டு தடவை படித்தேன், நிரந்தரம் என்ற சொல்லே அதில் எங்கும் இல்லை. ஒப்பந்தம் ஆறு மாதத்தில் முடியும், தேவைப்பட்டால் நீட்டிக்கப்படும் என்று மட்டும் இருக்கிறது. அப்படியானால் இது வெறும் ஒப்பந்த வேலைதானே? கிளையன்ட் கட்டாயம் எடுத்தே தீர வேண்டும் என்று நான் கேட்கவில்லை, அதை யாரும் எழுதித் தர மாட்டார்கள் என்பது புரிகிறது. ஆனால் அந்த முடிவை யார், எந்த மாதத்தில், எதை வைத்து எடுப்பார்கள் என்பது தெரிய வேண்டும். நிரந்தர இடத்துக்கான அனுமதியும் பட்ஜெட்டும் கிளையன்டிடம் இப்போதே இருக்கிறதா, அல்லது ஆறு மாதம் கழித்துத்தான் கேட்கப்போகிறார்களா? இவை இரண்டும் ஒன்றல்ல. இதே கிளையன்டுக்கு இதே முறையில் நீங்கள் அனுப்பியவர்கள் நிரந்தரமானார்களா, அதற்கு எவ்வளவு காலம் ஆனது என்பதையும், பெயர் எதுவும் சொல்லாமல், பகிர முடிந்தால் நல்லது. நீட்டிப்புக்கு ஓர் எல்லை இருக்கிறதா என்பதும் முக்கியம். ஆறு மாதம் ஆறு மாதமாக நீண்டுகொண்டே போவதை நான் விரும்பவில்லை.

மாறும்போது பழைய ஆறு மாதம் பணிக்காலமாகக் கணக்கில் சேருமா, மறுபடியும் முதலிலிருந்து தகுதிகாண் காலம் தொடங்குமா, சம்பளம் அப்போது புதிதாகப் பேசப்படுமா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

வரைவின் ஒன்பதாவது பிரிவு என்னை ரொம்பக் குழப்புகிறது. ஒப்பந்தம் முடிந்த பிறகு 12 மாதங்களுக்கு நான் கிளையன்டிடம் நேரடியாகவோ வேறு யார் மூலமாகவோ வேலைக்குச் சேரக் கூடாது என்கிறது அது. கிளையன்டிடம் நிரந்தரமாகச் சேர்வதுதான் நோக்கம் என்றால் இந்தப் பிரிவு அதற்கு நேர் எதிராக இருக்கிறதே? எல்லா ஒப்பந்தங்களுக்கும் போடும் பொதுவான வாசகம் அப்படியே வந்துவிட்டது என்றால், "ஒப்பந்தக் காலத்திலோ அதன் முடிவிலோ கிளையன்ட் நிரந்தர வேலை தந்தால் இது பொருந்தாது" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். இந்தத் திருத்தம் இல்லாமல் என்னால் கையெழுத்துப் போட முடியாது. என்னை நிரந்தரமாக எடுக்க கிளையன்ட் உங்களுக்கோ அந்த மூன்றாவது நிறுவனத்துக்கோ கட்டணம் தர வேண்டுமா என்பதும் தெரிய வேண்டும். எவ்வளவு என்பது உங்கள் வணிக விஷயம், நான் கேட்க மாட்டேன். ஆனால் ஒரு குறிப்பிட்ட காலம் கழிந்தால் அந்தக் கட்டணம் குறையும் அல்லது இல்லாமல் போகும் என்று இருந்தால், கிளையன்ட் அதுவரை காத்திருக்கவே பார்ப்பார்கள். அந்தக் காலம் எவ்வளவு என்பது என் எதிர்பார்ப்பைச் சரியாக வைத்துக்கொள்ள உதவும்.

சம்பளப் பிரிவில், கிளையன்ட் டைம்ஷீட்டை ஒப்புக்கொண்டு பணம் செலுத்திய பிறகு சம்பளம் வழங்கப்படும் என்று இருக்கிறது. டைம்ஷீட் ஒப்புதல் சரி. ஆனால் கிளையன்ட் எப்போது பணம் செலுத்துகிறார் என்பது அவருக்கும் வெண்டருக்கும் இடையிலான கணக்கு. அது தாமதமானால் அதன் சுமை ஊழியர் மேல் விழக் கூடாது. மாதத்தின் இந்தத் தேதிக்குள் சம்பளம் என்று தேதி போட்டுத் தாருங்கள்.

விலகும் விஷயத்தில், நான் போக வேண்டுமென்றால் 30 நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும், ஆனால் கிளையன்ட் திட்டத்தை நிறுத்தினால் என் வேலை அன்றே முடியும் என்று இருக்கிறது. இரு பக்கமும் ஒரே அளவாக இருக்கட்டும். அப்படி நின்றுபோனால் வேறு கிளையன்ட் கிடைக்கும் வரை பெஞ்சில் வைத்துச் சம்பளம் தருவீர்களா, இல்லையா என்பதையும் எழுதுங்கள். இல்லை என்பதுதான் பதில் என்றாலும் பரவாயில்லை, அதற்கேற்ப நான் சேமிப்பைத் தயார் செய்துகொள்ள வேண்டும்.

மூன்று மாதத்துக்குள் விலகினால் பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷன் செலவையும் ஆன்போர்டிங் செலவையும் என் சம்பளத்தில் பிடிப்பதாகவும் ஒரு பிரிவு இருக்கிறது. அதை நீக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 1997ஆம் ஆண்டு 181ஆவது உடன்படிக்கை, தனியார் வேலைவாய்ப்பு முகமைகள் தொழிலாளரிடமிருந்து நேரடியாகவோ மறைமுகமாகவோ கட்டணமோ செலவோ வசூலிக்கக் கூடாது என்பதைப் பொது விதியாக வைக்கிறது. சம்பளம், வேலை நேரம், விபத்து இழப்பீடு போன்றவற்றில் முகமையின் பொறுப்பு எது, ஆளைப் பயன்படுத்தும் நிறுவனத்தின் பொறுப்பு எது என்று பிரித்து வரையறுக்க வேண்டும் என்றும் அதே உடன்படிக்கை சொல்கிறது. எல்லா நாடுகளும் அதை ஏற்கவில்லை, அதில் விதிவிலக்குகளுக்கும் இடம் உண்டு. ஆனாலும் மேலே நான் கேட்டிருப்பவை புதிதாக யாரும் கேட்காத கேள்விகள் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

காப்பீடு பற்றி மட்டும் கொஞ்சம் சொந்த விஷயம் சொல்ல வேண்டியிருக்கிறது. என் அம்மாவுக்குத் தொடர்ந்து சிகிச்சை நடக்கிறது, இப்போது என் அலுவலகக் காப்பீடுதான் அதைத் தாங்குகிறது. ஒப்பந்தக் காலத்தில் பெற்றோரும் அடங்கிய மருத்துவக் காப்பீடு உண்டா? ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்கு முதல் நாளிலிருந்தே பொருந்துமா? கிளையன்டுக்கு மாறும் நேரத்தில் இடைவெளி விழுமா? இதற்கு மட்டும் தயவுசெய்து பாலிசி விவரத்தையே அனுப்பிவிடுங்கள். "உண்டு" என்ற ஒரு சொல்லை நம்பி நான் முடிவெடுக்க முடியாத இடம் இது.

அப்புறம், வேறொரு முகமையிலிருந்தும் இதே மாதிரி வேலைக்கு என்னை அழைத்தார்கள், கிளையன்ட் பெயரைச் சொல்லவில்லை. நான் அவர்களுக்கு ரெஸ்யூமே அனுப்பவில்லை. ஒரே ஆளை இரண்டு பேர் அனுப்பினால் கிளையன்ட் இருவரையுமே ஒதுக்கிவிடுவது உண்டு என்பதால் முன்கூட்டியே தெரிவிக்கிறேன். இந்த இடத்துக்கு என் சார்பில் பேச உங்களுக்கு மட்டும்தான் சம்மதம் தந்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்திட்டு அனுப்பச் சொல்லியிருந்தீர்கள். திருத்திய வரைவும் இந்தக் கேள்விகளுக்கான பதிலும் வியாழக்கிழமை வந்தால், வார இறுதியில் வீட்டில் பேசிவிட்டு திங்கட்கிழமை காலை முடிவைச் சொல்லிவிடுவேன். அந்த மூன்று நாள் அவகாசத்தைக் கிளையன்டிடம் கேட்டு வாங்கித் தாருங்கள். அதுவரை நான் ராஜினாமா கொடுக்கப்போவதில்லை, அசல் சான்றிதழ்களையும் யாருக்கும் அனுப்பப்போவதில்லை. கிளையன்டின் மனிதவளத் துறையில் இந்த இடத்தைப் பற்றித் தெரிந்த ஒருவரோடு நீங்களும் இருக்கும்படி பத்து நிமிட அழைப்பு ஏற்பாடு செய்ய முடிந்தால், நிரந்தரம் பற்றிய கேள்விகளில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும். மாலை ஆறரைக்கு மேல் எந்த நாளும் எனக்கு வசதி.

போனில் விளக்குவது சுலபம் என்று தோன்றினால் தாராளமாக அழையுங்கள், பேசலாம். பேசி முடித்ததும் அதையே இந்த மெயிலுக்குப் பதிலாகவும் எழுதி அனுப்பிவிடுங்கள்.

நன்றியுடன்,
செந்தில்

இணைப்பு: நான் குறிப்பிட்ட பிரிவுகளில் அடையாளமிட்ட ஆஃபர் லெட்டர் வரைவு