நாளை மதியம் 12 மணிக்குள் முடிவு தேவை: பில்லிங் மாற்றத்தை ஒரு வாரம் தள்ளிவைப்பது

சனி இரவு நடக்கவிருக்கும் பில்லிங் சிஸ்டம் மாற்றத்தை ஒரு வாரம் தள்ளிவைக்க உங்கள் ஒப்புதல் வேண்டும். நாளை மதியம் 12 மணிக்குள் 'சரி' அல்லது 'வேண்டாம்' என்று பதில் அனுப்புங்கள். அதன்பின் வாடிக்கையாளர்களுக்கு அறிவிப்பு போய்விடும்.

காரணம் ஒன்றுதான். ஒத்திகையில் பழைய சிஸ்டத்துக்குத் திரும்ப 9 மணி நேரம் பிடித்தது. நமக்குக் கிடைப்பதோ 6 மணி நேரம். நடுவில் ஏதாவது பிசகினால் திங்கள் காலை பில் போட முடியாது. பேக்கப்பைப் பிரித்து மீட்டால் நேரம் குறையும் என்று டீம் நம்புகிறது, இன்னும் சோதிக்கவில்லை. ஸ்லைடு 14 மட்டும் பாருங்கள், போதும்.

தள்ளினால் பழைய சர்வருக்கு ஒரு வார வாடகை கூடும்; தாங்கக்கூடியதே. மற்ற ஸ்லைடுகளுக்கு அவசரமில்லை.

புதிய தேதி மாதக் கணக்கு முடிப்போடு மோதுமா என்று நிதிப் பிரிவு இன்றே சொல்ல வேண்டும்.