பச்சிளம் குழந்தைக்கான பக்கவாட்டு பட்டன் ஜப்லா – 3 உருப்படிகள் கொண்ட செட்

கழுத்து நிற்காத பிள்ளைக்குத் தலை வழியாகச் சட்டை போடுவதற்குள் போடுகிறவருக்கு வியர்த்துவிடும். இந்த ஜப்லாவில் அந்த வேலையே இல்லை. படுக்கையில் விரித்து அதன் மேல் குழந்தையைக் கிடத்துங்கள். கைப்பகுதியைச் சுருட்டிப் பிடித்து, மணிக்கட்டுப் பக்கமிருந்து உங்கள் விரல்களை உள்ளே விட்டு, குழந்தையின் கையைப் பிடித்து மெல்ல வெளியே எடுங்கள். அப்புறம் முன்பக்கத்தை ஒன்றன் மேல் ஒன்றாக மடித்து பட்டனை அழுத்தினால் முடிந்தது.

துணி: நூறு சதவீதப் பருத்தி, 180 ஜி.எஸ்.எம். இன்டர்லாக் பின்னல். இன்டர்லாக்கில் உள்பக்கம், வெளிப்பக்கம் இரண்டும் ஒரேபோல வழவழப்பாக இருக்கும்; சாதாரண பனியன் துணிபோல ஓரம் சுருண்டுகொள்ளாது. நூற்பதற்கு முன்பே குட்டை இழைகளைச் சீவி எடுத்துவிட்ட நூல் இது, அதனால் பிசிறு குறைவு. மென்மையாகத் தெரிவதற்காகத் துணியின் மேற்பரப்பைக் கிளறி மயிர்போல எழுப்புவது உண்டு. தொட்டவுடன் பஞ்சுபோல இருக்கும். சில சலவையிலேயே உருண்டை உருண்டையாகத் திரளும். அதை நாங்கள் செய்வதில்லை. எங்கள் துணி முதலில் கொஞ்சம் சாதாரணமாகத்தான் தோன்றும், துவைக்கத் துவைக்க இளகும். மார்பில் ரப்பர் பிரிண்டும் கிடையாது. அந்த இடம் விறைத்து, காற்றும் போகாது.

தையல் முழுவதும் வெளிப்பக்கம். பார்க்க உள்ளே-வெளியே மாறிப் போட்டதுபோல இருக்கும். அக்குளிலும் கழுத்திலும் மடிப்பு உறுத்தாமல் இருக்க வேண்டுமென்றே அப்படித் தைத்திருக்கிறோம். அளவு லேபிளும் துணி லேபிள் அல்ல, முதுகில் அச்சிட்டது.

அளவு: மாதத்தைப் பார்க்காமல் எடையைப் பாருங்கள். ஒரே நாளில் பிறந்த இரண்டு குழந்தைகளில் ஒன்று 2.6 கிலோ, இன்னொன்று 3.9 கிலோ இருக்கலாம்; இரண்டுக்கும் வயது ஒன்றுதான்.

குறைமாதம்: 1.8 – 2.5 கிலோ, உயரம் 46 செ.மீ. வரை
பிறந்த குழந்தை: 2.5 – 4 கிலோ, 53 செ.மீ. வரை
0–3 மாதம்: 4 – 5.5 கிலோ, 60 செ.மீ. வரை
3–6 மாதம்: 5.5 – 7.5 கிலோ, 67 செ.மீ. வரை

எடை ஓர் அளவிலும் உயரம் அடுத்த அளவிலும் விழுந்தால் பெரியதை எடுங்கள். பிறந்த முதல் சில நாட்களில் குழந்தையின் எடை கொஞ்சம் குறைவது இயல்பு, பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் பழைய எடைக்கு வந்துவிடும். அதனால் முதல் வாரத்தில் சட்டை தளர்வாகத் தெரிந்தால் மாற்ற அவசரப்பட வேண்டாம். ஆனால் கழுத்து மட்டும் தளரக் கூடாது: துணி வாய்க்கோ மூக்குக்கோ ஏறி வருமானால் அந்த அளவு இப்போதைக்குப் பெரியது. பிறந்த குழந்தை அளவில் ஒரு செட்டுக்கு மேல் வாங்காதீர்கள் என்பதுதான் எங்கள் யோசனை; பல குழந்தைகள் ஒரு மாதத்திலேயே அதைத் தாண்டிவிடும்.

பட்டன்: ஒவ்வொரு ஜப்லாவிலும் நான்கு பிரெஸ் பட்டன்கள், நிக்கல் கலக்காதவை. அவை தொப்புளுக்கு நேராக வராமல் வலப்பக்கம் தள்ளியிருப்பதால், கொடி விழாத நாட்களில் அதன் மேல் அழுத்தாது. மெல்லிய துணியில் பட்டனை நேரடியாகப் பதித்தால் சில தடவையில் துணி கிழிந்து பட்டன் கையோடு வந்துவிடும். பிள்ளை அதை வாயில் போட்டுக்கொண்டால் மூச்சுக்குழாயில் அடைத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு. அதனால் உள்ளே இன்னொரு அடுக்குத் துணி வைத்துப் பதித்திருக்கிறோம். திறக்கும்போது பட்டனுக்கு அருகில் பிடித்து இழுங்கள், சட்டை நுனியை அல்ல. ஒரு பட்டன் ஆடத் தொடங்கினால் அந்தச் சட்டையை ஒதுக்கிவிடுங்கள். நாடா வைக்கவில்லை, கழுத்தில் சுற்றிக்கொள்ளலாம். வெல்க்ரோவும் இல்லை, அதன் முள் தோலைக் கீறும். ஊக்கு குத்தி இறுக்க வேண்டிய தேவையும் இதில் வராது.

கை நுனியை மடித்தால் அதுவே கையுறை. மடிப்பதற்கு முன் உள்பக்கத்தைத் திருப்பி நூல் தொங்குகிறதா என்று தினமும் பாருங்கள். பிஞ்சு விரலில் ஒரு நூலோ, அம்மாவின் தலைமுடியோ சுற்றிக்கொண்டால் ரத்த ஓட்டமே நின்றுவிடும். காரணம் தெரியாமல் பிள்ளை அழுதால் விரல்களையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

சலவை: போடுவதற்கு முன் ஒரு முறை துவைத்துவிடுங்கள். வாசனை இல்லாத சோப்புத்தூள், 40 டிகிரி வரை வெந்நீர், நன்றாக அலசல். முதல் சலவையில் நீளத்தில் சுமார் 3 சதவீதம் சுருங்கும். மேலே சொன்ன அளவுகள் அதைக் கணக்கில் எடுத்தவை. பட்டன் மேல் இஸ்திரிப் பெட்டி படவேண்டாம்.

செட்டில் பால் வெள்ளை, இளமஞ்சள், இளம்பச்சை என மூன்று ஜப்லாக்கள், மூன்றும் ஒரே அளவில்.